சொத்துப் பத்திரத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவது: எல்லையும் கடமையும் பிசகாமல் இருக்க அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் இருப்பவர்கள், வங்கிக் கடனுக்குப் பத்திரம் கொடுப்பவர்கள், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனவர்கள் என்று பலரும் கேட்பவை இவை. எல்லாம் தமிழ்நாட்டுப் பத்திரங்களைப் பற்றியது. இலங்கை உறுதிகளின் சட்டமும் நடையும் வேறு, அதை இங்கே தொடவில்லை.

"கோயில் மனைக்குக் கிழக்கு என்று இருக்கிறது. அப்போ கிழக்கு எல்லை கோயில் மனை என்று போட்டுவிடலாமா?"

போடக்கூடாது. அது மேற்கு எல்லை.

நம் பத்திரங்களில் நான்கெல்லை இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்று, 'கிழக்கே கோயில் மனை' அல்லது 'கிழக்கில் கோயில் மனை' என்பது. இதில் சிக்கல் இல்லை, நம் சொத்தில் நின்று பார்த்தால் கிழக்குப் பக்கம் கோயில் மனை இருக்கிறது. இன்னொன்று, 'கோயில் மனைக்குக் கிழக்கு'. இது கோயில் மனையில் நின்று பேசுகிறது, அதற்குக் கிழக்கில் நம் சொத்து இருக்கிறது என்கிறது. அப்படியானால் நமக்கு மேற்கில்தான் கோயில் மனை. அந்த 'க்கு' ஒன்றுதான் வித்தியாசம். பழைய பத்திர எழுத்தர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறையில்தான் எழுதினார்கள், இன்றும் முன் பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதுகிறார்கள்.

ஒரு மாதிரித் தபசிலை எடுத்துக்கொள்வோம்: 'மாரியம்மன் கோயில் மனைக்கும் கிழக்கு, என் தம்பி பாகத்து மனைக்கும் மேற்கு, ஊராட்சித் தெருவுக்கும் தெற்கு, வாய்க்காலுக்கும் வடக்கு, இதன் மத்தியில் கிழமேல் வடபுறம் 40 அடி, தென்புறம் 42 அடி, தென்வடல் கீழ்புறம் 60 அடி, மேல்புறம் 58 அடி, ஆக 2419 சதுர அடி மனை.'

சரியாகப் படித்தால் மேற்கில் கோயில், கிழக்கில் தம்பி, வடக்கில் தெரு, தெற்கில் வாய்க்கால். திசைச் சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் நான்கும் தலைகீழாகிவிடும். அதில் மோசமான விஷயம் என்னவென்றால், தப்பு வெளியே தெரியாது. நான்கும் சேர்ந்து புரண்டுவிடுவதால் ஆங்கிலப் பிரதியை மட்டும் படிக்கிறவருக்கு எதுவும் முரணாகப் படாது, கோயிலும் தம்பி மனையும் இன்னும் எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்கும், பரப்பளவும் அதே 2419. ஆனால் தெரு வடக்கிலிருந்து தெற்குக்குப் போய்விட்டது. அளவுகளோ இடம் மாறவில்லை. அதனால் உண்மையில் தெருவை ஒட்டி 40 அடி இருக்க, ஆங்கிலப் பிரதிப்படி 42 அடி. தம்பியோடு பகிர்கிற எல்லை 60 அடி, பிரதியில் 58. நாளைக்குத் தம்பி வேலி போடும்போது, இந்த ஆங்கிலப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு வெளியூரில் இருந்து பேசுகிறவர் எங்கே போய் நிற்பார்?

இந்தியச் சட்டத்தில் சொத்து விவரத்துக்குள்ளேயே முரண் வந்தால், எழுதிய அளவைவிட நான்கெல்லைக்குத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக அதிக மதிப்புக் கொடுக்கின்றன. அளவில் ஓர் அடி பிசகினால் பேசித் தீர்க்கலாம். எல்லை புரண்டால் அது வேறு சொத்து.

ஆங்கிலத்தில் எழுத இரண்டு வழி உண்டு. மூலத்தின் போக்கிலேயே 'லையிங் டு த ஈஸ்ட் ஆஃப் த டெம்பிள் சைட்' என்று எழுதலாம். இல்லை, புரட்டி, 'பவுண்டட் ஆன் த வெஸ்ட் பை த டெம்பிள் சைட்' என்று எழுதலாம். இரண்டும் சரிதான். ஆனால் ஒரு தபசிலுக்குள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். நான் முதல் வழியைத்தான் விரும்புவேன், ஏனென்றால் தமிழ் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கும்போது திசைச் சொற்கள் அதே வரிசையில் வரும், சந்தேகம் எழாது. 'ஈஸ்ட்' என்று போட்டு ஒரு கோடு இழுத்து 'டெம்பிள் சைட்' என்று கட்டம் கட்டுவதை மட்டும் செய்யவே கூடாது.

"சில பத்திரத்தில் 'க்கு' இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கிழக்கு, கோயில் மனை என்று மட்டும் இருக்கிறது. எப்படி முடிவு பண்ணுவது?"

மொழிபெயர்ப்பாளர் ஊகத்தில் முடிவு பண்ணக்கூடாது, காகிதம் முடிவு பண்ண வேண்டும். முதலில் ஒரு வெள்ளைத்தாளில் வடக்கை மேலே வைத்து ஒரு கட்டம் போடுங்கள், பத்திரம் சொல்வதை அதில் குறியுங்கள். பிறகு எஃப்எம்பி என்கிற புல வரைபடத்தை எடுங்கள், தமிழ்நாடு அரசின் இணைய நிலப் பதிவுகளில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் பெரும்பாலான இடங்களுக்குக் கிடைக்கும். தெருவோ வாய்க்காலோ எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே பாதி தீர்ந்தது. வீட்டு மனைக்கு வாய்க்கால் எதுவும் இல்லையென்றால் பக்கத்து மனைக்காரரின் பத்திரம் உதவும். உங்கள் பத்திரத்தில் அவர் கிழக்கில் இருந்தால் அவர் பத்திரத்தில் நீங்கள் மேற்கில் இருக்க வேண்டும். மூலப் பத்திரம், அதாவது தாய்ப் பத்திரம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. பழைய எழுத்தர் 'க்கு'வை விடாமல் எழுதியிருப்பார், பின்னால் கணினியில் கட்டம் கட்டியவர்தான் அதை உதிர்த்திருப்பார்.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் மூலத்தில் உள்ளபடியே, அதே குழப்பத்தோடு எழுதிவிட்டு, மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் மூலத்தில் வேற்றுமை உருபு இல்லை, இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்று எழுதுங்கள். குழப்பமான பத்திரத்துக்குத் தெளிவான மொழிபெயர்ப்பு கொடுப்பதும் ஒரு பிழைதான்.

"கிழமேல், மேல்புறம், கீழ்புறம் இதெல்லாம்? அகராதியில் மேல் என்றால் அப்பர் என்று வருகிறதே"

கீழ் என்றால் கிழக்கு, மேல் என்றால் மேற்கு. ஊர்ப்பக்கம் கீழத்தெரு, மேலத்தெரு என்கிறோமே, அதே கணக்கு. 'மேல்புறம் 58 அடி' என்பதை 'அப்பர் சைடு' என்று எழுதிய பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். மாடியில் ஒரு தளம் இருப்பதாக வங்கி மதிப்பீட்டாளர் நினைத்துக்கொள்வார். அதே பத்திரத்தில் 'மேற்கண்ட சொத்து' என்றும் வரும், அது மேலே சொன்ன சொத்து, மேற்கில் கண்ட சொத்து இல்லை. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

'கிழமேல் வடபுறம் 40 அடி' என்பதில் இரண்டு செய்தி இருக்கிறது. அளவு ஓடும் திசை கிழக்கு மேற்கு, அளந்த இடம் வடக்கு ஓரம். அதனால் 'ஈஸ்ட் டு வெஸ்ட், ஆன் த நார்தர்ன் சைடு, 40 ஃபீட்' என்று இரண்டையும் எழுத வேண்டும். வெறுமனே 'நார்த் 40' என்றால் வடக்கு நோக்கி 40 அடி ஓடுகிறது என்றும் படிக்க இடமிருக்கிறது. 'லெங்த்', 'பிரெட்த்' என்று மாற்றுவதும் வேண்டாம், எது நீளம் எது அகலம் என்று பத்திரம் சொல்லவில்லையே.

'இதன் மத்தியில்' என்பதை 'இன் த மிடில்' என்று போடுகிறவர்களும் உண்டு. நான்கெல்லைக்கு உட்பட்டு என்பதுதான் பொருள். சொத்து எங்கோ ஒரு பெரிய மனையின் நட்டநடுவில் இருக்கிறது என்பதல்ல.

"குழி, மா, செண்ட் எல்லாவற்றையும் சதுர அடிக்கு மாற்றிக் கொடுத்தால் படிக்கிறவருக்கு வசதிதானே?"

மொழிபெயர்ப்பின் உடலில் மாற்றாதீர்கள். மூல அளவை அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, மாற்றிய கணக்கை அடிக்குறிப்பில், எந்த விகிதத்தில் மாற்றினீர்கள் என்பதோடு கொடுங்கள்.

காரணம் இதுதான். செண்ட் எங்கே போனாலும் 435.6 சதுர அடி, அதில் வம்பில்லை. குழி அப்படியில்லை. தஞ்சைப் பக்கம் ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி, அப்படி 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. செங்கல்பட்டுப் பக்கத்துப் பழைய கணக்கில் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி, 100 குழி ஒரு காணி. ஆக 50 குழி என்பது ஓரிடத்தில் சுமார் பதினாறரை செண்ட், இன்னோரிடத்தில் 66 செண்ட். எந்த மாவட்டத்துப் பத்திரம் என்று பார்க்காமல் இணையத்தில் கிடைத்த முதல் கணக்கைப் போட்டால் நான்கு மடங்கு பிசகும்.

பட்டாவில் வருவது ஹெக்டேர், ஏர். '0 - 3.50' என்று இருந்தால் ஹெக்டேர் பூஜ்யம், ஏர் மூன்றரை. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், எனவே 350 சதுர மீட்டர், கிட்டத்தட்ட எட்டே முக்கால் செண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இதை 0.350 ஹெக்டேர் என்று எழுதிவிடுகிறார்கள், அது 86 செண்டுக்கு மேல். அந்தக் கோட்டைப் புள்ளியாக்கினதில் பத்து மடங்கு நிலம் கூடிவிட்டது. தசம எண்ணாக எழுதியே தீர வேண்டும் என்றால் 0.0350.

"பொதுவில் பாதி, வடபாதி, இரண்டுக்கும் ஹாஃப் ஷேர் போதுமா?"

போதாது, இரண்டும் வெவ்வேறு உரிமை. 'வடபாதி' அல்லது 'வடபுறம் பாதி' என்றால் நிலத்தில் கோடு விழுந்துவிட்டது, வடக்குப் பக்கத்துப் பாதி இவருடையது, அதற்கு எல்லை உண்டு. 'பொதுவில் பாதி' என்றால் கோடு விழவில்லை. மொத்தச் சொத்திலும் இவருக்குப் பாதிப் பாத்தியம் இருக்கிறது, எந்த மூலை என்று கை காட்ட முடியாது. முதலாவதற்கு 'த நார்தர்ன் ஹாஃப்', இரண்டாவதற்கு 'ஆன் அன்டிவைடட் ஹாஃப் ஷேர்'. இங்கே 'அன்டிவைடட்' என்ற சொல் விடுபட்டால், வாங்குகிறவர் தனியாக வேலி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடுவார்.

அதே பத்திரத்தில் பொதுவில் வருவது பெரும்பாலும் கிணறும் பாதையும்தான். 'கிணற்றில் பொதுவில் அரைக்கால் பங்கும்' என்றால் எட்டில் ஒரு பங்கு. அரை என்றோ கால் என்றோ எழுதிவிடாதீர்கள், காலில் அரை. பாதைக்கு வரும்போது இன்னும் நிதானமாகப் படியுங்கள். '8 அடி அகலப் பொதுப்பாதையில் வண்டி வாகனங்கள் போக வரப் பாத்தியமும்' என்றால் போக வர உரிமை மட்டும், பாதை நிலம் இன்னொருவருடையது. 'பொதுப்பாதையில் மூன்றில் ஒரு பங்கும்' என்றால் பாதை நிலமே அந்த அளவுக்கு விற்கப்படுகிறது. முதலாவது 'ரைட் ஆஃப் வே', இரண்டாவது நிலத்தில் பங்கு. வண்டி வாகனம் என்று மூலம் சொன்னால் அதையும் விடாமல் எழுதுங்கள். வெறும் நடைபாதைப் பாத்தியம் என்று இருந்தால் வாகனத்தை நீங்களாகச் சேர்க்காதீர்கள், இதற்காகவே வருஷக்கணக்கில் வழக்கு நடக்கிற ஊர்கள் உண்டு.

"வேண்டியது என்று முடிகிற எல்லா வாக்கியத்துக்கும் ஷால் போட்டால் சரியா? எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறோம்"

பாதி இடத்தில் சரியாக வரும், மீதி இடத்தில் உரிமையைக் கடமையாக்கிவிடும்.

கிரய ஒப்பந்தங்களில் விற்கிறவரை 1 நபர், வாங்குகிறவரை 2 நபர் என்று குறித்து இப்படி வரும்: 'நம்மில் 2 நபர் பாக்கித் தொகையை இன்று முதல் மூன்று மாத கெடுவுக்குள் 1 நபருக்குச் செலுத்தித் தன் செலவில் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது. 2 நபர் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது. 1 நபர் கிரயம் எழுதிக் கொடுக்க மறுத்தால் 2 நபர் பாக்கித் தொகையைக் கோர்ட்டில் கட்டிக் கோர்ட் மூலம் கிரயம் பெற்றுக்கொள்ள வேண்டியது.'

மூன்று 'வேண்டியது', மூன்றும் மூன்று விதம். முதலாவது கடமை, வாங்குகிறவர் கெடுவுக்குள் பணம் கட்டியே ஆக வேண்டும், இங்கே 'ஷால்' பொருந்தும். இரண்டாவது விளைவு, தவறினால் முன்பணம் போய்விடும், 'ஷால் ஃபார்ஃபீட்'. மூன்றாவதைக் கடமை என்று படித்தால் என்ன ஆகும்? விற்கிறவர் ஏமாற்றிவிட்டார், அதற்காக வாங்குகிறவர் கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டும் என்றாகிவிடும். முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒதுங்கவே முடியாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒற்றை 'ஷால்' சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். அங்கே 'ஷால் பி எண்டைட்டில்டு டு' என்றுதான் எழுத வேண்டும்.

கிரயப் பத்திரத்தில் வரும் 'தாங்களே சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்பதும் அப்படியே. யாரையும் அனுபவிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அது உரிமை.

எப்படிப் பிரிப்பது என்றால், அந்தச் செயலைச் செய்யாவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். எதிர்த்தரப்புக்கு நஷ்டம் என்றால் கடமை. செய்யாதவருக்கே நஷ்டம் என்றால் பெரும்பாலும் உரிமை. '-கொள்ள வேண்டியது' என்று வருகிற இடங்களில் இரண்டு முறை பாருங்கள். 'பெற்றுக்கொள்ள', 'அனுபவித்துக்கொள்ள', 'வசூலித்துக்கொள்ள' எல்லாம் தன் நன்மைக்குச் செய்வது, உரிமைப் பக்கம் சாயும். ஆனால் இது கண்ணை மூடிக்கொண்டு போடுகிற விதி இல்லை, மேலே முதல் வாக்கியமும் 'பெற்றுக்கொள்ள வேண்டியது' என்றுதான் முடிகிறது, இருந்தும் அங்கே கெடுவும் பணம் கட்டுவதும் சேர்ந்து அதைக் கடமையாக்குகின்றன.

"யார் செய்ய வேண்டும் என்றே பத்திரத்தில் இல்லை. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் எழுத முடியாதே, என்ன செய்வது?"

இதில்தான் நிறைய இடறுகிறது. 'சொத்தை அளந்து எல்லை காட்டி, பாக்கித் தொகை பெற்றுக்கொண்டு, கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டியது' என்று ஒரு வரி இருக்கும், பெயரே இருக்காது. ஆனால் வினையே சொல்லிவிடுகிறது. தொகை பெறுகிறவரும் எழுதிக் கொடுக்கிறவரும் விற்கிறவர்தான், 'அளந்து', 'காட்டி' என்ற வினையெச்சங்களுக்கும் பொதுவாக அவரே எழுவாய். அதனால் 'த வெண்டர்' என்று எழுதலாம், ஆனால் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள், நாம் சேர்த்தது என்று தெரியட்டும்.

அந்த வரியில் வரிசையும் இருக்கிறது, அதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அளந்து, காட்டி, பெற்றுக்கொண்டு, எழுதிக் கொடுக்க என்றால் முதலில் அளக்க வேண்டும், பிறகுதான் பணம். ஆங்கிலத்தில் நான்கையும் 'அண்ட்' போட்டு அடுக்கினால் வரிசை கரைந்துவிடும், நிலத்தை அளக்காமலே பணம் கேட்கலாம் என்று படிக்க வழி வரும். 'ஆஃப்டர் மெஷரிங்' என்று தொடங்கி, அடுத்து 'அண்ட் அப்பான் ரிசீவிங்' என்று போனால் மூலத்தின் முறை நிற்கும்.

வினையும் காட்டிக் கொடுக்காத வரிகள் உண்டு. 'பத்திரச் செலவுகளை ஏற்றுக்கொள்ள வேண்டியது' என்று மொட்டையாக நின்றால், முன் வாக்கியத்தின் எழுவாய் தொடர்கிறதா என்று பாருங்கள். தொடரவில்லை என்றால் பதிவுச் செலவு வாங்குகிறவருடையது என்ற ஊர் வழக்கத்தை வைத்து நீங்கள் நிரப்பக்கூடாது. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை இதற்கென்றே இருக்கிறது, 'ஷால் பி போர்ன்' என்று எழுதிவிட்டு, யார் என்பது மூலத்தில் இல்லை என்று குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மூன்று மாதம் என்பதை 90 நாள் ஆக்காதீர்கள். டிசம்பர் 1-ஆம் தேதியில் தொடங்கும் மூன்று மாதமும் ஜூன் 1-ஆம் தேதியில் தொடங்குவதும் ஒரே நாள் எண்ணிக்கை இல்லை, கெடு தாண்டியதா இல்லையா என்ற வழக்கு அந்த இரண்டு நாளில் நிற்கும்.

"ஒத்தி, போக்கியம், அடமானம், குத்தகை: ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லுங்கள்"

அடமானத்துக்கும் குத்தகைக்கும் சொல்லலாம், மற்ற இரண்டுக்கும் பத்திரத்தைப் படிக்காமல் சொல்ல முடியாது.

குத்தகை 'லீஸ்'. சொத்து கடன் வாங்கியவர் கையிலேயே இருக்க, கடனுக்கு ஈடாக மட்டும் வைத்தால் 'சிம்பிள் மார்ட்கேஜ்'. சொத்தின் சுவாதீனத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஒப்படைத்து, வட்டிக்குப் பதிலாக அவர் விளைச்சலையோ வாடகையையோ எடுத்துக்கொள்வது சுவாதீன அடமானம், 1882-ஆம் வருட சொத்து மாற்றச் சட்டம் 58-ஆவது பிரிவில் அதற்கு 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்' என்று பெயர். தென்மாவட்டங்களில் நிலத்துக்கு எழுதும் ஒத்தி பெரும்பாலும் இதுதான். ஆனால் நகரத்தில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் வீட்டில் இருப்பதையும் ஒத்தி, போக்கியம், லீஸ் என்று மூன்று பெயரிலும் சொல்கிறார்கள். தலைப்பில் போக்கியம் என்று இருந்தாலும் உள்ளே எழுதியிருப்பது வாடகை ஒப்பந்தம் போல இருக்கலாம், மாற்றியும் இருக்கலாம்.

இதில் பார்க்க வேண்டியது, தொகையைத் திருப்பிக் கொடுத்துச் சொத்தை மீட்கும் வாசகம். 'தொகையைச் செலுத்தி ஒத்தியைத் திருப்பிக்கொள்ள' என்று இருந்தால் அது கடன், கடனுக்கு ஈடு, மீட்பு. அதை 'லீஸ்' என்று எழுதினால் மீட்கும் உரிமையே பிரதியில் காணாமல் போய்விடும். சின்ன விஷயமில்லை. சுவாதீன அடமானத்தில் எழுதிய நாளிலிருந்து 30 வருஷம் ஓடிவிட்டது என்பதாலேயே மீட்கும் உரிமை போய்விடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குத்தகையோ காலம் முடிந்தால் முடிந்தது. தாத்தா வைத்த ஒத்தியைப் பேரன் மீட்கப் போகும்போது ஆங்கிலப் பிரதியில் எந்தச் சொல் இருக்கிறது என்பது முக்கியம்.

நான் செய்வது: உடலில் 'ஒத்தி' என்றே ஒலிபெயர்ப்பு, முதல் முறை வரும் இடத்தில் அடிக்குறிப்பில் பத்திரத்தின் வாசகப்படி அது எந்த வகை என்று ஒரு வரி. சட்டப் பெயர் சூட்டுவது வக்கீல் வேலை, அதற்கு வேண்டிய வாசகத்தைச் சிதறாமல் கொடுப்பது நம் வேலை.

"புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்... இந்த அடுக்குமொழியை எல்லாம் சுருக்கிவிடலாமா?"

சுருக்கக்கூடாது. தானமாகக் கொடுக்க, பரிமாற்றம் செய்ய, விற்க என்று மூன்று உரிமையை அது தனித்தனியாகச் சொல்கிறது. மூன்றையும் எழுதுங்கள். செட்டில்மெண்டில் இந்த வாசகம் இருக்கிறதா, அல்லது 'ஆயுள் பரியந்தம் அனுபவித்து' என்று மட்டும் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் முழு உரிமையா, உயிருள்ள வரை அனுபவமா என்று தீர்மானிப்பார்கள். 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்பதை மகன், பேரன் என்று நேர்ச்சொல்லாகப் போட்டுவிட்டு நிறுத்தினால் பெண் வாரிசுகளுக்கு இல்லை என்று படிக்கப்படும். தலைமுறை தலைமுறையாகச் செல்லும் முழு உரிமை என்பதைக் குறிக்கும் மரபுத் தொடராகத்தான் நீதிமன்றங்கள் இதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. 'ஃப்ரம் ஜெனரேஷன் டு ஜெனரேஷன்' என்று எழுதி, நேர்ச்சொல்லைக் குறிப்பில் வையுங்கள்.

"மூலத்திலேயே தப்பு இருக்கிறது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது. சரியானதை எழுதிவிடவா?"

வேண்டாம். தப்பையே எழுதி, பக்கத்தில் மூலத்தில் உள்ளபடி என்று குறியுங்கள். பத்திரத்தைத் திருத்த வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்தவரும் எழுதி வாங்கியவரும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பிழைதிருத்தல் பத்திரம் மூலமாக. நீங்கள் பிரதியில் சரிசெய்துவிட்டால் வில்லங்கச் சான்றோடு ஒப்பிடுகிறவருக்கு எண் ஒத்துவராது, அவர் உங்கள் பிரதியைத்தான் சந்தேகப்படுவார். பரப்பளவுக் கூட்டல் தப்பாக இருந்தாலும் இதே முறைதான்.

"௸ என்ற குறி பழைய பத்திரத்தில் பக்கத்துக்குப் பத்து வருகிறது, அது என்ன?"

'மேற்படி' என்பதன் சுருக்கக் குறி. தட்டச்சில் அதை 'ஷை', 'ஷெ' என்றும் அடித்திருப்பார்கள். 'த செய்டு' என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் மேற்படி எது என்று கடைசியாக வந்த பெயரைத் தேடிப் பாருங்கள். மேலே இரண்டு சர்வே எண் வந்திருந்து கீழே '௸ சர்வேயில்' என்று இருந்தால் பொதுவாகக் கடைசியாக வந்ததுதான். நிச்சயமில்லாவிட்டால் எண்ணை நிரப்பாமல் 'த செய்டு சர்வே நம்பர்' என்றே விடுங்கள். ௴ மாதம், ௵ வருஷம். தமிழ் மாதம், தமிழ் வருஷம் போட்டிருந்தால் அதை ஒலிபெயர்த்து, ஆங்கிலத் தேதியை முத்திரைத்தாள் அல்லது பதிவு எண் பக்கத்திலிருந்து எடுத்து அடைப்புக்குறிக்குள் கொடுங்கள், நீங்களாகப் பஞ்சாங்கம் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

"பிரதியை ஒப்படைக்கும் முன் கடைசியாக என்ன பார்ப்பீர்கள்?"

தமிழ் மூலத்தை மூடி வைத்துவிட்டு, ஆங்கிலப் பிரதியை மட்டும் வைத்து மனையை வரைவேன். வரைந்த பிறகு மூலத்தைத் திறந்து, தெரு எந்தப் பக்கம், தெருவை ஒட்டிய அளவு எவ்வளவு என்று இரண்டை மட்டும் ஒப்பிடுவேன். மேலே சொன்ன மாதிரித் தபசிலில் தெரு வடக்கிலும் 40 அடியும் வந்தால் மற்ற எல்லைகள் பெரும்பாலும் சரியாக இருக்கும். அடுத்து 'ஷால்' வரும் ஒவ்வொரு வரியையும் தேடி, யார், யாருக்கு, எப்போதுக்குள் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறதா, இல்லையென்றால் மூலத்திலும் இல்லைதானா என்று பார்ப்பேன். பிறகு எண்கள். அதை மட்டும் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நான் மூலத்தில் விரல் வைத்துக்கொண்டு போவேன், எழுதியவர் கண்ணுக்குத் தன் எழுத்துப் பிழை தெரியாது.